ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: எப்போது திரும்பும், எப்போது புகார் செய்வது

ஜூன் 7ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஎம்மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்கக் கார்டைச் செருகினேன். கார்டு ஒரு வங்கியுடையது, மெஷின் வேறொரு வங்கியுடையது. ரகசிய எண் போட்டாயிற்று, உள்ளே நோட்டு எண்ணுகிற அந்தக் கிர்ர்ர் சத்தமும் கேட்டது, அப்புறம் சட்டென்று நின்றுபோனது. பணம் வரும் வாய் திறக்கவே இல்லை. பரிவர்த்தனையை முடிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி, கார்டு வெளியே, ரசீதுக்குத் தாள் தீர்ந்துவிட்டது. நான் கார்டைப் பர்ஸில் வைப்பதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது: உங்கள் கணக்கில் ரூ.10,000 கழிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் எல்லாரும் பதறி ஏதாவது தப்பாகச் செய்கிறோம். பின்னால் நின்றவர் "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கண்ணே, வரும்" என்றார். போடாதீர்கள். நோட்டு சிக்கிய மெஷினில் மறுபடி போட்டால் இரண்டாவது பத்தாயிரமும் அதே வழியில் போகலாம், அப்புறம் ஒரு புகாருக்குப் பதில் இரண்டு புகார்.

அதற்காக உடனே வெளியே ஓடவும் வேண்டாம். திரை மறுபடி பழைய வரவேற்புப் பக்கத்துக்கு வரும் வரை அங்கேயே நில்லுங்கள். காரணம் இருக்கிறது. சில நேரம் நோட்டு தாமதமாக வெளியே வரும், நீங்கள் போன பிறகு வந்தால் அது அடுத்தவர் கைக்குப் போகும். இன்னொன்று, பணம் வரும் வாயில் ஒட்டுத்தகடு மாதிரி எதையாவது பொருத்தி வைத்து, நோட்டை உள்ளேயே பிடித்து நிறுத்தி, நீங்கள் திட்டிக்கொண்டே கிளம்பிய பிறகு வந்து உருவிக்கொண்டு போகும் திருட்டும் நடக்கிறது. அந்த வாய்ப்பகுதி வழக்கத்துக்கு மாறாகத் துருத்திக்கொண்டோ பசை பிசுபிசுப்பாகவோ இருந்தால் அங்கேயே நின்றபடி உங்கள் வங்கிக்குப் போன் போடுங்கள், காவலாளி இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். உதவி செய்கிறேன் என்று வலிய வருகிற ஆளிடம் மட்டும் கார்டைக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியது

மெஷின் மேலோ சுவரிலோ ஏடிஎம் அடையாள எண் ஒட்டியிருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து. அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே தேடினாலும் சுலபத்தில் கிடைக்காத தகவல் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் செய்தியிலும் ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும். ரசீது வந்தால் அதையும் படம் எடுங்கள், ஏனென்றால் அந்தத் தாள் சூடு பட்டு அச்சாகிறது, சட்டைப் பையில் நாலு நாள் கிடந்தால் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ரசீது வரவில்லை என்றால் கவலை வேண்டாம், எனக்கும் வரவில்லை, அது இல்லாமலேயே புகார் நடந்தது.

கேட்ட தொகையில் கொஞ்சம் மட்டும் வந்தாலும் இதே கதைதான். ஐயாயிரம் கேட்டு நாலாயிரத்து ஐந்நூறு வந்தால் அந்த இடத்திலேயே, கேமரா பார்க்கும்படி, நோட்டை விரித்து எண்ணுங்கள். வீட்டுக்குப் போய் எண்ணினால் உங்கள் பேச்சுக்குப் பின்பலம் இருக்காது.

பத்து நிமிடம் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். வெறும் செய்தியை நம்பாதீர்கள். பல நேரம் கழித்ததற்கு மட்டும் செய்தி வரும், அதே நிமிடத்தில் திரும்ப வரவு வைத்ததற்குச் செய்தி வராது. ஆப்பிலோ மினி ஸ்டேட்மென்ட்டிலோ கழிவுக்குக் கீழேயே அதே தொகை வரவாக நின்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. வரவு இல்லை என்றால் அந்தக் கழிவு வரியைத் தொட்டுத் திறந்து RRN என்று போட்டிருக்கும் 12 இலக்க எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சில வங்கிகளில் அது விவரக் குறிப்பின் நடுவில் ஒளிந்திருக்கும். உங்கள் பரிவர்த்தனையை இரண்டு வங்கிகளும் அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

பணம் வராமலே ஏன் கழிகிறது

இது புரிந்தால் பின்னால் வங்கிக்காரர் பேசுவது புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். நீங்கள் தொகை போட்டதும் மெஷின் தன்னுடைய வங்கிக்குக் கேள்வி அனுப்புகிறது. கார்டு வேறு வங்கியுடையது என்றால் அந்தக் கேள்வி என்பிசிஐ நடத்துகிற, எல்லா வங்கி ஏடிஎம்களையும் இணைக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. உங்கள் வங்கி இருப்பைப் பார்த்து, முதலில் கழித்துவிட்டு, அப்புறம்தான் "கொடுக்கலாம்" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் மெஷினுக்கு வந்த பிறகே நோட்டு எண்ணும் வேலை தொடங்கும். அதாவது நோட்டு நகர ஆரம்பிக்கும்போதே உங்கள் கணக்கில் கழிந்தாயிற்று.

இனி நோட்டு சிக்கினாலோ, கிழிந்த நோட்டு வந்து மெஷின் அதை உள்ளே இருக்கும் ஒதுக்குப் பெட்டியில் தள்ளிவிட்டாலோ, மெஷின் "கொடுக்கவில்லை, திருப்பிப் போடு" என்று வந்த வழியே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் சில நொடிகளில் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். மின்சாரம் போனது, நெட்வொர்க் துண்டித்தது, மெஷினே முடங்கியது என்றால் அந்தச் செய்தி போகாது. அப்புறம் கணக்குத் தீர்ப்பது மனிதர்கள் கையில். பணம் நிரப்புகிற ஏஜென்சி வந்து மெஷினைத் திறந்து எண்ணும்போது இருக்க வேண்டியதைவிடப் பத்தாயிரம் கூடுதலாக இருக்கும். இரண்டு வங்கிகளும் அன்றைய பட்டியல்களை ஒத்துப் பார்க்கும்போது அந்தக் கூடுதல் யாருடையது என்று தெரியவரும். நீங்கள் காத்திருக்கும் நாட்கள் இந்த ஒத்துப்பார்க்கும் வேலைக்கான நாட்கள்தான். கார்டும் மெஷினும் ஒரே வங்கியுடையவை என்றால் ஒத்துப் பார்ப்பதும் ஒரே வீட்டுக்குள் முடிகிற வேலை, நம் வேலையும் அந்த அளவுக்குச் சுலபம்.

ஐந்து நாள் கணக்கு

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் ஒரு சுற்றறிக்கை போட்டது, அது அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கில் கழிந்து ஏடிஎம்மில் பணம் வராவிட்டால் வங்கி தானாகவே T+5 நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊர்ப்பக்கம் கடைகளில் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம்முக்கும் இதே விதிதான்.

T என்பது நீங்கள் பணம் எடுக்க முயன்ற தேதி. காலண்டர் தேதி என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது, அதனால் "சார், நடுவில் ஞாயிறு வந்துவிட்டது" என்று சொன்னால் அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம். இதற்கு முன் 7 வேலை நாள் என்று ஒரு பழைய விதி இருந்தது, கிளையில் சிலர் இன்னும் அதையே சொல்வார்கள். என் கணக்கில் T ஜூன் 7, ஐந்தாம் நாள் ஜூன் 12. பன்னிரண்டாம் தேதி நள்ளிரவுக்குள் வந்தால் நஷ்டஈடு கிடையாது. 13 முதல் நூறு நூறாக ஏறும். 16ஆம் தேதி வந்தால் 13, 14, 15, 16 என்று நாலு நாள், ரூ.400. பத்தாயிரத்துக்கும் நூறுதான், ஐந்நூறு ரூபாய் எடுக்கப் போனவருக்கும் நூறுதான்.

இந்த நஷ்டஈட்டை நீங்கள் கேட்காமலே வங்கி போட வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. நடைமுறையில் கேட்டால்தான் வருகிறது, குறைந்தபட்சம் எனக்கு.

ஐந்து நாள் காத்திருந்துவிட்டுப் புகார் செய்யலாமா

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தானாகத் திரும்புவது நிறைய நடக்கிறது, ஆனால் அது நடக்குமா நடக்காதா என்று முதல் நாளில் உங்களுக்குத் தெரியாது. அன்றே போனில் பதிவு செய்துவிடுங்கள், மறுநாள் எழுத்தில் ஒன்று அனுப்புங்கள். பணம் தானாக வந்தால் புகார் தானாக முடிந்துவிடும், யாரும் உங்களைக் கோபிக்கப் போவதில்லை. வராவிட்டால் உங்கள் 30 நாள் கணக்கு எழுத்தில் போட்ட அன்றே தொடங்கியிருக்கும், அது எதற்கு என்று பின்னால் வருகிறது.

புகார் யாரிடம்? கார்டு கொடுத்த உங்கள் வங்கியிடம். மெஷின் யாருடையதாக இருந்தாலும் சரி. நான் முதலில் அந்த ஏடிஎம் ஒட்டியிருந்த கிளையில்தான் போய் நின்றேன், அங்கிருந்த அம்மா பொறுமையாகவே சொன்னார்: "உங்க கணக்கு எங்ககிட்ட இல்லையே சார், நாங்க எதைத் திறந்து பார்க்கிறது?" நியாயம்தான். அரை நாள் வீண்.

வங்கியின் எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடி முதலில் வருகிற எண்ணுக்குப் போன் போடாதீர்கள், ஏடிஎம் சுவரில் யாரோ பேனாவால் எழுதிவைத்த எண்ணுக்கும் வேண்டாம். இந்த மாதிரிப் பணம் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்காகவே போலிக் கஸ்டமர் கேர் எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். திருப்பிப் போட லிங்க் அனுப்புகிறேன், ஒரு ஆப் இறக்குங்கள், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள், யுபிஐ ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். கழிந்த பணம் திரும்ப உங்கள் பக்கமிருந்து எந்த ரகசிய எண்ணும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

போனில் பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்காமல் வைக்காதீர்கள். அப்புறம் வங்கியின் மின்னஞ்சலுக்கோ ஆப்பில் இருக்கும் புகார்ப் பகுதியிலோ எழுத்தில் போடுங்கள். மின்னஞ்சல் பழக்கம் இல்லாதவர்கள் கிளையில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளலாம். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"என் சேமிப்புக் கணக்கின் கடைசி நாலு இலக்கம் இது, கார்டின் கடைசி நாலு இலக்கம் இது. ஜூன் 7 மாலை 7.04க்கு இந்த அடையாள எண் உள்ள ஏடிஎம்மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வெளியே வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. RRN இது. நேற்று போனில் பதிவான புகார் எண் இது. தொகையைத் திருப்பி வரவு வைக்கவும். ஜூன் 12ஐத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் 20.9.2019 சுற்றறிக்கைப்படி நாளுக்கு ரூ.100 சேர்த்துத் தரவும்."

கோபம், குடும்பக் கஷ்டம், இருபது வருட வாடிக்கையாளர் என்பதெல்லாம் வேண்டாம். படிக்கிறவருக்குத் தேவை நேரம், தொகை, ஏடிஎம் எண், RRN. முழுக் கார்டு எண்ணையும் எழுதாதீர்கள்.

"பரிவர்த்தனை வெற்றி" என்று பதில் வந்தால்

எனக்கு 14ஆம் தேதி வந்த பதில் இது: உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது, புகார் மூடப்பட்டது. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு மெஷினும் தான் செய்ததை வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். எலக்ட்ரானிக் ஜர்னல் என்பார்கள், வங்கிக்காரர் வாயில் அது ஈஜே. கார்டு வந்தது, தொகை கேட்டது, எத்தனை நோட்டு எடுத்தது, வாய் திறந்ததா, நோட்டு எடுக்கப்பட்டதா, பிழை வந்ததா என்று அதில் பதிவாகும். மெஷின் வங்கி அந்தப் பதிவைப் பார்த்து "கொடுத்துவிட்டோம்" என்று சொல்லும், உங்கள் வங்கி அதையே உங்களுக்கு அனுப்பிவிடும். ஆனால் நோட்டு வெளியே தள்ளப்பட்டதாக மெஷின் நினைத்து எழுதியிருக்க, நோட்டு வாயிலேயே சிக்கியிருக்கலாம். முன்னே சொன்ன ஒட்டுத்தகடு திருட்டிலும் பதிவு வெற்றி என்றே காட்டக்கூடும்.

அதனால் மறுபடி எழுதும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். அந்தப் பரிவர்த்தனையின் ஈஜே பதிவு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பரிவர்த்தனைகளோடு. அந்த மெஷினில் அடுத்து பணம் எண்ணியபோது கூடுதல் தொகை இருந்ததா என்ற கணக்கு. அந்த நேரத்துக் கேமராப் பதிவு. கேமராப் பதிவை எல்லா நாளும் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் "இதைப் பாதுகாத்து வைக்கவும்" என்று முதல் கடிதத்திலேயே ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. நான் போடவில்லை, இரண்டாம் கடிதத்தில்தான் போட்டேன். இவற்றை எல்லாம் உங்கள் கையில் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேட்டால் மெஷின் வங்கி மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும், அது போதும்.

15ஆம் தேதி இதைப் போட்டு, பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு மறுபடி திறக்கச் சொன்னேன். நகலை வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் அனுப்பினேன். அவருடைய மின்னஞ்சல் முகவரி வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும். பதில் சொல்லும் தொனியே மாறிவிட்டது என்பதைக் கவனித்தேன். 24ஆம் தேதி பத்தாயிரம் வந்தது.

பத்தாயிரம் மட்டும். 13 முதல் 24 வரை 12 நாள், ரூ.1,200 வர வேண்டும். அன்றே இரண்டு வரியில் தேதியைக் கணக்குப் போட்டு அனுப்பினேன், ஜூலை முதல் வாரத்தில் அதுவும் வந்தது. பணம் கிடைத்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நடுவில் வங்கி புகாரை ஒரு தடவை மூடியது உங்கள் தப்பு இல்லை, நாள் கணக்கு நிற்கவும் இல்லை.

30 நாள் தாண்டினால்

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நேராக அங்கே போனால் முதலில் வங்கியிடம் கேட்டீர்களா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், எழுத்து நகலைப் பத்திரமாக வைக்கச் சொல்வது அதனால்தான். முகவரி cms.rbi.org.in. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வங்கிக்கு அனுப்பிய கடிதம், வந்த பதில், அந்த ஒரு வரி உள்ள ஸ்டேட்மென்ட் பக்கம், ஏடிஎம் எண் படம், இவ்வளவையும் ஏற்றினால் போதும். இணையம் கைவராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். எப்படி நிரப்புவது என்று சந்தேகம் இருந்தால் 14448க்குப் போன் போட்டுக் கேளுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், இதற்கும் காலக்கெடு உண்டு.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், நான் மாதக் கடைசியில்தான் பார்த்தேன். ஜூன் 30 வாக்கில் ஸ்டேட்மென்ட்டில் ரூ.27.14 தனியாகக் கழிந்திருந்தது. பெருநகரம் அல்லாத ஊர்களில் வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து தடவை இலவசம், அதைத் தாண்டினால் அதிகபட்சம் 23 ரூபாயும் வரியும். நான் பணம் எடுத்தது ஐந்தே தடவை. தென்காசியில் பணமே தராத அந்த ஒன்றையும் சேர்த்து ஆறு என்று எண்ணியிருக்கிறார்கள். மெஷின் கோளாறு, நெட்வொர்க் கோளாறு, மெஷினில் பணம் இல்லாதது, இப்படி வங்கி பக்கத்துக் காரணத்தால் தோற்றுப்போன பரிவர்த்தனையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு கேட்டிருந்த அந்த மின்னஞ்சலுக்குக் கீழேயே இதையும் சேர்த்துக் கேட்டேன். பாஸ்புக்கில் இப்போது அடுத்தடுத்து இரண்டு வரவு நிற்கிறது, ஒன்று 1,200, இன்னொன்று 27 ரூபாய் 14 பைசா.